சென்னையில் வேலைக்குச் சேர்ந்த கூட்டுக்காரன்: ஊரில் இருந்துகொண்டு முதல் ஐந்து வாரம் என்ன செய்யலாம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று நம் பக்கத்திலிருந்து ஒருவர் முதல் வேலைக்குச் சென்னை கிளம்பினால், வழியனுப்ப ரயிலடியில் பத்துப் பேர் நிற்போம். முதல் வாரம் முழுக்க ஆளாளுக்கு போன் போடுவோம். மூன்றாவது வாரம் வரும்போது ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஆனால் முதல் வாரம் அவருக்குப் பேசவே நேரம் இருக்காது. பயிற்சி, வங்கிக் கணக்கு, பி.எஃப். படிவம், அடையாள அட்டை என்று அலைந்துகொண்டிருப்பார். அந்த ஓட்டம் அடங்கி, அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை என்பது உறைப்பது இரண்டாவது, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் எழுதும் குறிப்பு இது. உங்களுக்கு அந்த வருத்தம் வேண்டாம்.

எளிதாகப் புரிய ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். தக்கலைக்காரர், வயது 23. 2026 ஜூன் 1, திங்கட்கிழமை, சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் சேருகிறார். பக்கத்திலேயே ஒரு பி.ஜி.யில் இடம் பிடித்திருக்கிறார். சென்னையில் ஒருவரையும் தெரியாது.

## 1. கிளம்பும் முன்பே வாங்க வேண்டிய விவரங்கள்

பி.ஜி.யின் பெயர், கதவு எண், தெரு, மாடி, அறை எண், பின்கோடு. சோழிங்கநல்லூருக்கு 600119, துரைப்பாக்கத்துக்கு 600097, பெருங்குடிக்கு 600096. அந்தச் சாலையில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் பலரும் பக்கத்து ஊரின் பின்கோடைச் சொல்லிவிடுவார்கள். பார்சல் வேறு தபால் நிலையத்துக்குப் போய் இரண்டு நாள் சுற்றும். பி.ஜி. பொறுப்பாளரின் கைப்பேசி எண்ணையும் வாங்குங்கள். கூட்டுக்காரர் ஒருநாள் முழுக்க போனை எடுக்காவிட்டால் அந்த எண் மட்டும்தான் உங்களுக்குத் துணை.

ஷிஃப்ட் நேரம், வார விடுமுறை எந்த நாள், சம்பளம் எந்தத் தேதி என்பதையும் கேளுங்கள். பல கம்பெனிகளில் மாதத்தின் 20-ஆம் தேதியை ஒட்டிச் சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குப் பின் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்ந்துதான் வரும். நம் தக்கலைக்காரர் 1-ஆம் தேதியே சேருவதால் ஜூன் கடைசியில் பணம் வந்துவிடும். 22-ஆம் தேதி சேர்ந்திருந்தால் ஏறத்தாழ நாற்பது நாள் கைக்காசிலேயே ஓட்ட வேண்டும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்தத் தேதிதான் அடிப்படை.

## 2. போன் பேச்சைப் பங்கு போடுங்கள்

நாம் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. சாயங்காலம் சாயாக்கடையில் ஐந்து பேர் கூடியதும் வீடியோவில் கூப்பிட்டு, போனை ஆள் மாற்றி ஆள் கொடுப்போம். நமக்கு அது பாசம். அந்தப் பக்கம் அறையில் தனியாக இருப்பவருக்கோ, தான் இல்லாமலே கூட்டம் அப்படியே நடக்கிறது என்பதைக் கண்ணால் காட்டும் வேலை. போனை வைத்த பிறகு அவர் அறை முன்பைவிட அமைதியாகிவிடும்.

அதற்குப் பதில் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கூட்டுக்காரர்கள் என்றால் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. வேலை நாளில் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை 6-லிருந்து 8 வரையுள்ள நேரத்தை மட்டும் நிதானமாகப் பேசத் தெரிந்தவரிடம் கொடுங்கள். துணி துவைத்து, தூங்கி எழுந்து, நாளைக்குத் திங்கட்கிழமை என்று நினைக்கும் நேரம் அது.

என்ன கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். “எப்படி இருக்கே, சாப்பிட்டியா” என்றால் “ம், சாப்பிட்டேன்” என்று முடிந்துவிடும். “இன்னைக்கு யாரு பக்கத்துல இருந்து சாப்பிட்டே?” என்று கேட்டால் ஒரு பெயர் வரும். அடுத்த தடவை அந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். மூன்று வாரம் ஆகியும் ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் அலுவலகத்திலும் அவர் தனியாகத்தான் சாப்பிடுகிறார். நேரில் போவதை முன்னே தள்ள வேண்டும்.

உங்கள் பேச்சில் ஊர்த்தமிழை மாற்றாதீர்கள். சென்னைக்குப் போன குமரிக்காரரைப் பார்த்து ஒரு நாளாவது யாராவது “நீங்க மலையாளியா?” என்று கேட்டிருப்பார்கள். மேற்குப் பக்கத்துக்காரர் “வெள்ளம்” என்று தண்ணீர் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அவர் ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணிப் பேசத் தொடங்கியிருப்பார். எண்ணாமல் பேச அவருக்குக் கிடைக்கும் இடம் உங்கள் போன் மட்டும்தான். அதில் நீங்களும் சென்னை பாஷை பேசினால் அந்த இடமும் போயிற்று.

இன்னொன்று, உள்ளூர் விடுமுறை நாட்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவின் டிசம்பர் 3, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, சிவாலய ஓட்டம் நடக்கும் சிவராத்திரி ஆகியவற்றுக்கு நம் மாவட்டத்துக்குத்தான் உள்ளூர் விடுமுறை. சென்னைக் கம்பெனிக்கு அன்று சாதாரண வேலை நாள். வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து படமாக வந்து விழும்போது அவர் மேசையில் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களைக் குறித்து வைத்து, குழுவில் படம் போடும் முன், காலை 8 மணிக்கு அவரைத் தனியாகக் கூப்பிட்டுவிடுங்கள்.

## 3. இரண்டாவது ஞாயிறுக்கு ஒரு பார்சல்

நம் ஆள் ஜூன் 1 சேருகிறார். இரண்டாவது ஞாயிறு ஜூன் 14. பார்சல் வெள்ளி அல்லது சனி கையில் கிடைக்க வேண்டும். ஸ்பீட் போஸ்டோ கூரியரோ, நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றாலும் ஒரு நாள் கூடுதலாகக் கணக்கில் வைத்து ஜூன் 9 செவ்வாய்க்கிழமை ஒப்படையுங்கள். வியாழன் மாலை கொடுத்தால் ஞாயிறு குறுக்கே விழுந்து திங்கட்கிழமைதான் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழைக்காலம். இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வைப்பது? ஊரின் பலகாரம் எல்லாவற்றையும் அடைக்கத் தோன்றும். மட்டிப்பழம் வேண்டாம், தோல் மெலிசு, வழியிலேயே கறுத்து நசுங்கிவிடும். கருவாடு வேண்டாம்; மூன்று பேர் படுக்கும் அறையில் அதன் வாசனை அவருக்கு முதல் சண்டையை வாங்கித் தரும், பொரித்துச் சாப்பிட அடுப்பும் இருக்காது. திரவம் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய், ஊறுகாய் பாட்டில்களைப் பல கூரியர்கள் வாங்குவதில்லை, வாங்கினாலும் ஒரு பாட்டில் கசிந்தால் மற்ற எல்லாம் போயிற்று.

நான்கு சாமான்கள் போதும். ஏத்தங்காய் சிப்ஸ் கால் கிலோ பொட்டலம் இரண்டு. முந்திரிக்கொத்து 20. கருப்பட்டி கால் கிலோ. தேங்காய்ச் சம்மந்திப்பொடி 300 கிராம். இதில் முக்கியமானது கடைசிச் சாமான்தான். சிப்ஸ் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். சம்மந்திப்பொடி ஒரு மாதம் இருந்து, பி.ஜி.யில் போடும் தோசை, தயிர்ச்சாதம், சப்பென்ற சாம்பார்ச் சாதம் எல்லாவற்றையும் வாயில் வைக்கும்படி ஆக்கும். சிப்ஸை இரண்டு பொட்டலமாக வைப்பதற்கும் காரணம் உண்டு: ஒன்று அறைக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. புது ஆள் பக்கத்து மேசைக்காரரிடம் பேச்சைத் தொடங்க, பிரித்த சிப்ஸ் பொட்டலத்தைப்போல் உதவுவது வேறில்லை. இதை அவரிடம் சொல்லியே அனுப்புங்கள்.

சம்மந்திப்பொடி கெடுவது எப்போதும் ஈரத்தால்தான். இரண்டு பெரிய தேங்காயைத் துருவி, 12 வற்றல் மிளகாய், 10 சின்ன உள்ளி நறுக்கியது, சிறு துண்டு இஞ்சி, இரண்டு கொத்து கறிவேப்பிலை, ஒரு கரண்டி உளுந்து சேர்த்து, எண்ணெய் விடாமல் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். அரை மணி நேரம் கையெடுக்காமல் கிளற வேண்டியிருக்கும். பொன்னிறத்தில் இறக்கிவிடக் கூடாது. நல்ல காப்பி நிறம் வந்து, விரலால் எடுத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் உள்ளியிலும் இஞ்சியிலும் இன்னும் ஈரம் இருக்கிறது, பத்தே நாளில் பூஞ்சை பிடிக்கும். இறக்கும் முன் நெல்லிக்காய் அளவு புளியைப் பிய்த்துப் போட்டு, அதுவும் வறண்ட பிறகு உப்புச் சேருங்கள். முழுக்க ஆறியதும் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் தேங்காய் எண்ணெய் விட்டுப் பொடி களியாகிவிடும். சூடு மிச்சமிருக்கும்போது டப்பாவை மூடினால் மூடியில் நீர் கோத்து உள்ளே சொட்டும். இரவு செய்து தட்டில் பரப்பி, காலையில் அடையுங்கள்.

முந்திரிக்கொத்துக்கும் அதே விதிதான். வாங்கும்போது என்றைக்குச் செய்தது என்று கேளுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே சிறுபயறும் தேங்காயும் பொலபொலவென்று இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். தேங்காயைச் சரியாக வறுக்காதது உருண்டையாக ஈரம் காட்டும், அதை வழிப்பயணத்துக்கு எடுக்காதீர்கள். சிப்ஸை முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாசனை பெட்டிக்குள் இரண்டு மடங்காகும்.

இனிப் பெட்டி. பெரும்பாலானவர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் அளவையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணும் கிலோதான். உண்மை எடையைவிட அது கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் காசு. வீட்டில் கிடக்கும் 30 × 30 × 30 பெட்டியில் இந்தச் சாமான்களை வைத்தால் உண்மை எடை இரண்டு கிலோகூட இருக்காது, கணக்கோ 27000-ஐ 5000-ஆல் வகுத்து 5.4 கிலோ. அதே சாமான்கள் 30 × 20 × 15 பெட்டியில் அடங்கும், கணக்கு 1.8 கிலோ. சிப்ஸ் பொட்டலத்தில் காற்று அதிகம் என்பதால்தான் அரை கிலோவுக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது.

கனமான கருப்பட்டியும் பொடி டப்பாவும் அடியில், முந்திரிக்கொத்து எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் நடுவில், சிப்ஸ் மேலே. டப்பா மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனித்தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். இடைவெளியில் கசக்கிய நாளிதழை அடைத்து, குலுக்கினால் சத்தம் வராதபடி பாருங்கள்.

மேலே முகவரியில் பி.ஜி. பதிவேட்டில் உள்ளபடியே பெயர் எழுதுங்கள். ஊரில் எல்லாரும் “ஜோ” என்றழைப்பவர் அங்கே முழுப்பெயரில் இருப்பார். பொறுப்பாளர் “அப்படி யாரும் இல்லை” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அலுவலக முகவரி வேண்டாம், பல இடங்களில் காவலாளி உணவுப் பார்சலை உள்ளே விடுவதில்லை. கைப்பேசி எண்ணை முகவரியோடும், பெட்டிக்குள் ஒரு காகிதத்திலும் எழுதுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதில் 13 எழுத்து கொண்ட எண் இருக்கும். அதைப் படமெடுத்து அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். திடீர் மகிழ்ச்சி தருவதாக நினைத்து மறைத்தால், தபால்காரர் வரும் நேரம் அவர் அலுவலகத்தில் இருப்பார். பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் வாங்கி வைப்பார்.

ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டால் ஒரே இரவில் போய்விடும் என்பார்கள். போய்விடும், ஆனால் கிளாம்பாக்கம் வரை. அங்கே காலையில் போய் அவர்தான் வாங்க வேண்டும். வழி தெரியாத ஊரில் வேலை நாள் காலை அது உதவியாக இருக்காது.

செலவு, வீட்டில் பொடி செய்தால், சாமான், பெட்டி, அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 800 ரூபாய். நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 200.

## 4. பணம் பற்றி

அட்வான்ஸ், வாடகை, வாளி, போர்வை என்று சேரும்போதே கையிருப்பு கரைந்திருக்கும். “ட்ரீட் எப்போ?” என்று முதல் சம்பளத்துக்கு முன் கேட்காதீர்கள், விளையாட்டுக்கும் வேண்டாம். “பணம் வேணும்னா கேளு” என்பதாலும் பயனில்லை; கேட்க மாட்டார். “இரண்டாயிரம் அனுப்பியிருக்கேன், ஆகஸ்டில் தா” என்று தொகையும் தேதியும் சொல்லி அனுப்புங்கள். உங்களால் முடிந்ததையே அனுப்புங்கள்.

## 5. “விட்டுட்டு வந்துரப் போறேன்” என்று சொன்னால்

மூன்றாவது வாரத்தில் இது வரலாம். உடனே “பைத்தியமா நீ” என்று சண்டை போடவும் வேண்டாம், “வந்துரு மக்கா” என்று சொல்லவும் வேண்டாம். என்ன நடந்தது என்று முழுக்கக் கேளுங்கள். பெரும்பாலும் வேலை காரணமாக இருக்காது. அறைத்தோழர், சாப்பாடு, தூக்கம் இவற்றில் ஒன்றாக இருக்கும். அப்படியானால் மாற்ற வேண்டியது பி.ஜி.யைத்தான். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று ரசீதில் பார்க்கச் சொல்லுங்கள். வேலையே காரணம் என்றால், பணி நியமனக் கடிதத்தில் பயிற்சிக் காலத்து முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பதைப் படித்த பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்பதுபோல் பேச்சு வந்தால் அது கூட்டுக்காரர்கள் மட்டும் சமாளிக்கும் விஷயமல்ல. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். வீட்டாரிடமும் சொல்லி, அன்றே ஒருவர் ரயிலேறுங்கள்.

## 6. ஐந்தாவது வார இறுதியில் நேரில் போங்கள்

முதல் வார இறுதியில் போகாதீர்கள். அவருக்கே அறை பழகியிருக்காது, கையில் காசும் இருக்காது. நம் கணக்கில் ஜூலை 4, சனிக்கிழமை. சம்பளம் வந்து சில நாள் ஆகியிருக்கும்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும் என்பதால், அவர் வேலைக்குச் சேரும் அன்றே உங்கள் டிக்கெட்டைப் போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து தெற்கே வரவும், ஞாயிறு இரவு தெற்கிலிருந்து சென்னை போகவும்தான் கூட்டம் அலைமோதும். நீங்கள் போவது அதற்கு எதிர்த்திசை. அதனால்தான் அவரை வரச் சொல்வதைவிட நீங்கள் போவது எளிது. டிக்கெட் போட்டதை அவருக்கு உடனே அனுப்புங்கள். எண்ணிக்கொண்டிருக்க ஒரு தேதி கிடைத்துவிட்டால் நடுவிலுள்ள வாரங்கள் நகர்ந்துவிடும்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், எண் 12634. வெள்ளி மாலை நாகர்கோவிலில் ஏறினால் சனி காலை சென்னை. ஸ்லீப்பர் கட்டணம் ஐந்நூறுக்குள் அடங்கும். சோழிங்கநல்லூர் பக்கம் போக எழும்பூர் வரை போகாதீர்கள், தாம்பரத்தில் இறங்குங்கள். வந்தே பாரத்தில் பகலில் போகலாமே என்று தோன்றலாம். அது பிற்பகல் புறப்பட்டு இரவு 11 மணிவாக்கில் எழும்பூர் சேரும், கட்டணமும் ஸ்லீப்பரைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அந்நேரம் பி.ஜி. கதவு பூட்டியிருக்கும்.

தங்குவதற்குப் பொறுப்பாளரிடம் ஒரு வாரம் முன்பே கேட்கச் சொல்லுங்கள். விருந்தினருக்கு இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ஆதார் நகல் கேட்பார்கள். இரண்டு நகல் எடுத்துப் போங்கள். சொல்லாமல் போய் நின்றால் திட்டு வாங்குவது அவர்தான். போன கூட்டுக்காரி மகளிர் விடுதியில் இருக்கிறார் என்றால் ஆண்கள் வாசலைத் தாண்ட முடியாது, பெண்களுக்கும் பதிவேட்டில் கையெழுத்து உண்டு. விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே போகத் திட்டமிடுங்கள். இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். ஐந்து பேர் போனால் செலவும் அவருக்கு, பேச்சும் நடக்காது.

மெரினாவும் மகாபலிபுரமும் இன்னொரு தடவை பார்க்கலாம். சனிக்கிழமை முழுவதும் அவர் குடியிருக்கும் இடத்தைச் சுற்றி நடங்கள். ஞாயிறும் திறக்கும் ஒரு கிளினிக், இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை, அவர் போகும் கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேரளாச் சாப்பாட்டுக்கடை. அந்தப் பக்கம் இவை நிறைய உண்டு. சம்பா அரிசிச் சோறும், தேங்காய் அரைத்த மீன்கறியும், புட்டும் பயறும் கிடைக்கும் கடைதான் குமரிக்காரருக்குச் சென்னையில் வீட்டுக்குப் பக்கத்தில் வரும் இடம். தனியாக ஒரு புதுக்கடைக்குள் நுழையக் கூச்சப்படுபவர், உங்களோடு ஒருமுறை போய்க் கல்லாவில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் அடுத்த ஞாயிறு தானே போவார். முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகத்துக்காரர் ஒருவரையும் அழைக்கச் சொல்லுங்கள், போனில் அடிக்கடி வந்த அந்தப் பெயர்க்காரரை.

திரும்பும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாலை 5 மணியை ஒட்டி எழும்பூரில் புறப்பட்டுவிடும். ஞாயிறு அதைப் பிடித்தால், அவருக்கு மிகக் கனமான அந்த மாலையில் சரியாக விட்டுவிட்டுக் கிளம்பியதாக ஆகும். ஒரு நாள் லீவு சொல்லித் திங்கட்கிழமை திரும்புங்கள். ஞாயிறு மாலை கூடவே இருந்து, திங்கள் காலை அவரை அலுவலக வாசல் வரை கொண்டுவிடுங்கள். பகலில் அறையில் இருக்க விடமாட்டார்கள் என்றால் பையைப் பூட்டி, டிக்கெட்டைக் காட்டி எழும்பூர் கிளாக் ரூமில் வைக்கலாம். கிளம்பும்போது சம்மந்திப்பொடி டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்நேரம் அது காலியாகியிருக்கும்.